சந்தை இரைச்சலில் இரண்டு நிமிட மூச்சு: எந்த மந்திரம் கணக்குக்கு நிற்கும்?

ஆகஸ்ட் 17, இரவு 9.40 | தராசுமுள்

தோவாளை பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியுமுன் போய் உட்கார்ந்தால் ஒன்பது மணி வரை தலை நிமிர முடியாது. ஓணம் நெருங்குகிறது, கேரள வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. பிச்சி, அரளி, கேந்தி, வாடாமல்லி என்று நாலு பக்கமும் ஏலச் சத்தம். நடுவில் இரண்டு நிமிடம் கிடைத்தால் மூச்சைக் கவனித்துக் கொஞ்சம் அடங்கலாம் என்று பார்க்கிறேன். எண்ணிக்கை முறை எனக்குச் சரிப்படவில்லை. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் "மூணு, நாலு" என்று எண்ணும்போது காதுக்குப் பக்கத்தில் ஒருவர் "நானூத்தம்பது!" என்பார். அடுத்து என் வாயில் வருவது ஐந்து இல்லை, ஐநூறு.

அதனால் மந்திரத்துக்கு மாறலாம் என்று தோன்றியது. இலக்கம் இல்லாத சொல் என்றால் ஏலக்காரர் அதைக் கலைக்க முடியாது அல்லவா? எந்த மந்திரம், எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி. பலன், புண்ணியம் பற்றி நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, இரவு 10.15 | டபுள் விசில்

கூட்டத்தை அமைதியாக்க மந்திரம் இருந்தால் எனக்கும் சொல்லும். காலை எட்டு மணிக்கு வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகிற வண்டியில் படியில் இருபது பேர். ஒரு மந்திரம் சொன்னதும் எல்லாரும் உள்ளே நகர வேண்டும்.

ஆகஸ்ட் 17, இரவு 10.22 | தராசுமுள்

அண்ணாச்சி, கூட்டம் அடங்க இல்லை. கூட்டத்துக்குள் நான் அடங்க.

ஆகஸ்ட் 18, காலை 5.05 | மருந்துவாழ்மலை

இதற்கெல்லாம் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். திருமூலர் சொல்லி வைத்துவிட்டார். பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, ரேசகம் 32. உள்ளே இழுப்பது ஒரு பங்கு, நிறுத்துவது நாலு பங்கு, விடுவது இரண்டு பங்கு. மனதுக்குள் பஞ்சாட்சரம். இதைச் செய்தால் சந்தை இரைச்சல் காதில் விழாது.

ஆகஸ்ட் 18, பகல் 11.50 | தராசுமுள்

செய்து பார்த்தேன். காதில் விழத்தான் இல்லை, ஆனால் கண்ணும் தெரியவில்லை. 64 மாத்திரை நிறுத்துவது என்றால் என்ன என்று கணக்குப் போடாமல் இறங்கியது என் தப்பு. ஒரு மாத்திரைக்கு அரை விநாடி என்று வைத்தால் இழுப்பது 8 விநாடி, நிறுத்துவது 32, விடுவது 16. ஒரே மூச்சுக்கு 56 விநாடி. மூன்றாவது மூச்சில் தலை கிறுகிறு என்றது, ஒரு கட்டு சம்பங்கியை அரளிக் கணக்கில் ஏற்றிவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். அது போதும்.

ஆகஸ்ட் 18, பகல் 12.30 | மருந்துவாழ்மலை

மாத்திரை என்பது கைநொடிக்கும் நேரம். அரை விநாடி என்று உமக்கு யார் சொன்னது? கால் விநாடி என்று பிடித்தால் ஒரு சுற்று 28 விநாடிதான்.

ஆகஸ்ட் 18, மாலை 6.10 | நைட் டியூட்டி

செவிலியராக இருபத்திரண்டு வருடம். சந்தைக் கடையில் உட்கார்ந்து 28 விநாடிச் சுற்றும் வேண்டாம் தம்பி. அந்த விகிதம் குருவின் பார்வையில் மாதக்கணக்கில் பழகி ஏற வேண்டிய ஒன்று. பழக்கமில்லாதவர் மூச்சைப் பிடித்து வைத்தால் பிரஷர் ஏறும். இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போகவே கூடாது.

உங்களுக்குத் தேவை நிறுத்துவது இல்லை, விடுவதை நீட்டுவது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கையில் துடிப்பு கொஞ்சம் முந்தும், விடுகையில் கொஞ்சம் பிந்தும். வெளிமூச்சு நீண்டால் அந்தப் பிந்துகிற நேரமும் நீளும். வேகஸ் என்கிற நரம்பு வழியாக நடக்கிற வேலை இது. சும்மா இருக்கிற ஆளுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு ஓடும். அதை ஆறு பக்கம் கொண்டு வந்தால் போதும். அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி.

2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இத்தாலியில் பிளாரன்ஸ், பாவியா ஊர்களில் ஆரோக்கியமான 23 பேரை லத்தீனில் ஜெபமாலையும் "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரமும் சொல்ல வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு பக்கம் வந்து நின்றது. இதயத் துடிப்பும் அதே தாளத்துக்கு வந்தது.

ஆகஸ்ட் 18, இரவு 8.00 | கட்டுமரம்

ஊர்ப் பெயரே பாவியாவா! "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று அங்கேதான் சொல்ல வேண்டும்.

குளச்சலில் மீன் ஏலம் எடுக்கிற ஆள் நான். ஜெபமாலையில் ஒரு பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். அந்தப் பத்து விநாடி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நாம் சொல்கையில் மூச்சு வெளியே, அவர் சொல்கையில் உள்ளே. அக்கா, சரியா?

ஆகஸ்ட் 18, இரவு 8.25 | நைட் டியூட்டி

சரி. மந்திரத்தின் நீளமே கடிகாரம்.

ஆகஸ்ட் 19, காலை 4.10 | மருந்துவாழ்மலை

நீளம்தான் காரணம் என்றால் "பஸ் வருது பஸ் வருது" என்று சொன்னாலும் ஆகுமா? நம்பிக்கை இல்லாத சொல் வெறும் காற்று.

ஆகஸ்ட் 19, பகல் 10.40 | தராசுமுள்

மூச்சின் வேகத்துக்கு "பஸ் வருது" போதும் போலத்தான் இருக்கிறது. ஆனால் பஸ் வருது என்று சொன்னால் எனக்கு எழுந்து ஓடத்தான் தோன்றும். அந்த அளவுக்கு உங்கள் பேச்சு சரி அண்ணாச்சி.

இன்று முழுக்க மந்திரங்களை மாத்திரை போட்டு எடை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. நமசிவாய: ந, ம, சி மூன்று, வா இரண்டு, ய ஒன்று, ஆக ஆறு. முன்னால் ஓம் சேர்த்தால் எட்டரை. சரவணபவ ஆறும் குறில், அதனால் அதுவும் ஆறு.

மாத்திரைக்கு அரை விநாடி வீதம் பத்து விநாடி என்றால் இருபது மாத்திரை. உள்மூச்சுக்கு எட்டு, வெளிமூச்சுக்குப் பன்னிரண்டு வேண்டும். நமக்குக் கிடைப்பது இது:

உள்ளே: ஓம் நமசிவாய (எட்டரை)
வெளியே: நமசிவாய நமசிவாய (பன்னிரண்டு)

மொத்தம் இருபதரை. தராசில் வைத்த மாதிரி வந்து நிற்கிறது. அரை மாத்திரை கூடினால் என்ன, பூ வாங்குகிறவருக்கும் கையளவு கூடப் போடுவோமே.

கடையில் பூக்கட்டுகிற அக்கா அய்யாவழி. "அய்யா உண்டு" என்று சொல்லிப் பார்ப்போமா என்று கேட்டார். அ ஒன்று, ய் அரை, யா இரண்டு, உ ஒன்று, ண் அரை, டு ஒன்று. ஆறு. அவருக்கும் வெளிமூச்சுக்கு இரண்டு முறை.

ஆகஸ்ட் 19, பகல் 11.20 | குறில்நெடில்

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எழுதுகிறேன். "உண்டு" என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். மென்தொடர். அதற்கு அரை மாத்திரைதான். எனவே அய்யா உண்டு ஐந்தரை மாத்திரை. எட்டாம் வகுப்பில் யார் சொல்லித் தந்தது?

ஆகஸ்ட் 19, பகல் 11.31 | தராசுமுள்

சாரே, மன்னிக்கணும். ஐந்தரை.

ஆகஸ்ட் 19, பகல் 11.45 | குறில்நெடில்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "கண்ணிமை நொடியென" என்று தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்கிறது. கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம். உங்கள் அரை விநாடி அதைவிட நிதானமானது. ஆகவே நீங்கள் செய்வது இயல்பாகப் பேசுவது அல்ல, இழுத்துச் சொல்வது. தவறில்லை. ஆனால் தானாக அப்படி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலை நெருக்கத்தில் வாய் பழைய வேகத்துக்குத்தான் ஓடும்.

ஆகஸ்ட் 21, காலை 9.50 | தராசுமுள்

சார் சொன்னதுதான் நடந்தது. வீட்டில் சாவகாசமாகச் சொல்கையில் சுற்றுக்குப் பத்து விநாடி. சந்தையில் போனின் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் ஆறு விநாடி. மந்திரமும் அவசரப்படுகிறது. நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு எழுந்தால் கை நடுக்கம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு கோளாறும் கண்டேன். வேகம் குறையவில்லையே என்று நினைத்து, மூச்சை நெஞ்சு நிறைய, தோள் தூக்க இழுத்தேன். இரண்டு நிமிடத்தில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி, உதட்டைச் சுற்றி மரத்த மாதிரி. பயந்துபோய்ச் சுக்குக் காபி குடித்தேன். இது பிரஷரா அக்கா?

ஆகஸ்ட் 21, பகல் 1.15 | நைட் டியூட்டி

நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அதிக மூச்சுதான். பெரிய மூச்சாக, வேகமாக எடுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அதனால்தான் விரல் மதமதப்பு, தலைச்சுற்றல். மெதுவான மூச்சு என்றால் பெரிய மூச்சு என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். பாதி நிறைந்தால் போதும், தோள் அசையக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் மூச்சு விடுவதே தெரியக் கூடாது. மதமதப்பு வந்தால் மந்திரத்தை விட்டுவிட்டுச் சாதாரணமாக விடுங்கள், சில நிமிடத்தில் போய்விடும். நெஞ்சுவலியோ இளைப்போ கூட வந்தால் அது வேறு கணக்கு, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

வாயால் இழுக்காதீர்கள், மூக்கால். அப்புறம் பிரஷர் எவ்வளவு என்று பார்த்து எத்தனை நாளாகிறது?

ஆகஸ்ட் 21, பகல் 1.40 | தராசுமுள்

பார்க்கவில்லை. பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 21, இரவு 9.00 | டபுள் விசில்

எனக்குக் காதில் ஓயாத ரீங்காரம். ஓம் என்று நீட்டிச் சொன்னால் அந்த ரீங்காரம் மறைகிறது. குணமாகிறது என்று அர்த்தமா?

ஆகஸ்ட் 21, இரவு 9.20 | நைட் டியூட்டி

மறைகிறது என்றால் மூடுகிறது, அவ்வளவுதான். கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஆளிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அங்கே சத்தம் 85 டெசிபல் பக்கம் இருக்கும். நாள் முழுக்க அதில் இருந்தால் காது பழுதாகும். மந்திரம் மனதை மாற்றலாம், காதுக்கு மூடி போடாது. காது மருத்துவரைப் பாருங்கள் அண்ணா.

ஆகஸ்ட் 23, காலை 10.30 | தராசுமுள்

வேகத்துக்கு ஒரு வழி கிடைத்தது, பூக்கட்டுகிற அக்கா புண்ணியத்தில். அவர் நார் சுற்றுகையில் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டு முழம் எண்ணுவார். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, பன்னிரண்டு. ஒரு மூச்சுக்கு ஒரு கணு என்று வைத்தேன். பத்து விநாடி வீதம் பன்னிரண்டு மூச்சு, சரியாக இரண்டு நிமிடம். எண்ண வேண்டியதே இல்லை, சுண்டுவிரல் அடிக்கணுவில் தொடங்கி ஆள்காட்டி விரல் நுனிக்கணுவில் முடிந்தால் தீர்ந்தது.

முக்கியமான விஷயம், பெருவிரலை அடுத்த கணுவுக்கு உடனே தூக்கக் கூடாது. வெளிமூச்சு முழுக்கப் பெருவிரல் அந்தக் கணுவை மெதுவாக வழுக்கிப் போக வேண்டும். விரல் ஊர்கிற வேகத்துக்கு மந்திரம் இழுபடுகிறது. மேசைக்குக் கீழே செய்தால் யாருக்கும் தெரியாது. இன்று ஸ்டாப்வாட்சில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி வந்தது. அதாவது மூச்சுக்கு ஒன்பது விநாடி சொச்சம். போதும்.

ஆகஸ்ட் 23, பகல் 2.10 | கட்டுமரம்

நான் "இயேசுவே இரங்கும்" வைத்துச் செய்து பார்த்தேன். இயேசுவே ஆறு மாத்திரை, இரங்கும் நாலு. உள்மூச்சு நீளம், வெளிமூச்சு குட்டை. அக்கா சொன்னதற்குத் தலைகீழ். மந்திரத்தை மாற்ற மனம் வரவில்லை, அம்மச்சி சொல்லித் தந்தது.

ஆகஸ்ட் 23, பகல் 3.00 | குறில்நெடில்

மாற்ற வேண்டாம். அளபெடை எதற்கு இருக்கிறது? "இரங்கும்ம்ம்" என்று கடைசி மகர மெய்யை நீட்டுங்கள். ஒற்றளபெடை. மெல்லின மெய் நீளும், வாயை மூடினால் மூக்கில் அதிரும். ஓம் என்பதும் அப்படித்தான் நீளுகிறது. இயேசுவே என்பதை மட்டும் இழுக்காமல் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 23, இரவு 7.45 | கட்டுமரம்

கொள்ளாம் சாரே. ம்ம்ம் என்று மூக்கில் அதிரவிட்டேன். ஏலச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவே இல்லை. இரைச்சலில் ஒரு லாபம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது. ஆனால் பக்கத்துத் தெப்பக்காரர் "என்ன மக்கா, பல்வலியா?" என்றார்.

ஆகஸ்ட் 24, காலை 5.20 | மருந்துவாழ்மலை

எல்லாரும் நீளத்தையே அளக்கிறீர்கள். நான் பஞ்சாட்சரம் சொன்னால் கண் கலங்குகிறது. அதை எந்த ஸ்டாப்வாட்ச் அளக்கும்?

ஆகஸ்ட் 24, காலை 11.00 | நைட் டியூட்டி

அளக்காது. அந்த ஆய்வும் அதை அளக்கவில்லை. இருபத்து மூன்று பேர், பூச்சந்தையில் வைத்தும் இல்லை. நீங்கள் சொல்வது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 28, பகல் 11.10 | தராசுமுள்

அத்தம் கழிந்தது, கூட்டம் இரட்டிப்பு. ஒரு திருத்தம்: எங்கே உட்கார்ந்து செய்கிறோம் என்பதை நான் சொல்லவே இல்லை. முதலில் தராசுக்குப் பின்னால், மருக்கொழுந்து மூட்டைக்கும் பிச்சிக் கூடைக்கும் நடுவில் செய்தேன். பத்து விநாடி மூச்சில் அந்த வாசனை உள்ளே இறங்கி நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறித்தது. பூ வாசனை நல்லதுதானே என்று நினைத்து மூன்று நாள் தலைவலியோடு சுற்றினேன். இப்போது கொட்டகையின் மேற்கு ஓரத்துக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேலே படும் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறேன். அங்கேயும் சத்தம் அதேதான், காற்று மட்டும் வேறு. தலைவலி நின்றது.

நேற்று ஒரு கோட்டயம் வியாபாரி விலையில் சண்டை பிடித்துவிட்டுப் போனார். அவர் போன கையோடு மேற்கு ஓரத்துக்குப் போய் மணிக்கட்டைத் தொட்டு எண்ணினேன், நாடி 104. பன்னிரண்டு கணு முடித்துப் பார்த்தேன், 86. அதற்கு எத்தனை பங்கு மூச்சு, எத்தனை பங்கு வியாபாரி வண்டி ஏறிப் போனது என்று பிரிக்க என்னிடம் தராசு இல்லை.

பிரஷரும் பார்த்தேன் அக்கா. மேல் எண் 138. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், மந்திரம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, இரவு 8.30 | டபுள் விசில்

கணு முறையை நான் டிக்கெட் கொடுக்கிற கையில் செய்தேன். மூன்றாவது கணுவில் "அழகியமண்டபம் ஒண்ணு" என்றார் ஒருவர். எத்தனையில் விட்டேன் என்று மறந்துவிட்டது. மறுபடி சுண்டுவிரலில் இருந்தா?

ஆகஸ்ட் 28, இரவு 9.05 | தராசுமுள்

வேண்டாம் அண்ணாச்சி. பெருவிரல் எந்தக் கணுவில் நிற்கிறதோ அங்கிருந்தே தொடரும். அதுதான் விரலில் வைப்பதன் சௌகரியம். ஓடும் வண்டியில் செய்யாதீரும், ஸ்டாண்டில் நிற்கையில் மட்டும். அப்புறம் காது டாக்டரைப் பார்த்தீரா?

ஆகஸ்ட் 28, இரவு 9.12 | டபுள் விசில்

வீக்லி ஆஃப் வரட்டும்.

செப்டம்பர் 7, மாலை 4.00 | தராசுமுள்

திருவோணம் முடிந்து இரண்டு நாள் தூங்கினேன். உத்திராடத்துக்கு முந்தின இரவு கொட்டகையில் நிற்க இடமில்லை, மேற்கு ஓரத்திலும் கேந்தி மூட்டை. இரண்டு நிமிடம் என்பதே கிடைக்கவில்லை. நின்றபடி நடுவிரல் மூன்று கணு மட்டும், மூன்று மூச்சு, அரை நிமிடம். அதை இரவில் ஏழெட்டு முறை செய்திருப்பேன். பன்னிரண்டு மூச்சின் அடக்கம் அதில் இல்லை. ஆனால் சம்பங்கியை அரளிக் கணக்கில் எழுதவில்லை.

ஓம் நமசிவாயவில் ஓம் என்பதை விட்டுவிட்டேன். நெருக்கத்தில் உள்மூச்சுக்கு எட்டரை மாத்திரை நீளமாகத் தெரிந்தது. உள்ளே ஒரு நமசிவாய, வெளியே இரண்டு. மருந்துவாழ்மலை அண்ணாச்சி திட்டாதீரும்.

செப்டம்பர் 7, மாலை 5.30 | மருந்துவாழ்மலை

திட்டவில்லை. ஒன்றுக்கு இரண்டு. மூலர் விகிதத்தில் கும்பகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் அதுதானே, 16-க்கு 32. சுற்றி வந்து அங்கேதான் நின்றிருக்கிறீர்.

செப்டம்பர் 7, இரவு 8.15 | கட்டுமரம்

தமிழ் "அருள் நிறைந்த மரியே" எத்தனை விநாடி என்று ஞாயிறு ஜெபமாலையில் அளப்பதாக நினைத்திருந்தேன். நிதானமாக நான் தனியே சொன்னபோது முதல் பாதி 6, மறுபாதி 8. பத்துக்கு மேலே போகிறது. ஆனால் வீட்டில் அம்மச்சி சொல்வதை அளந்தேன். முழுசும் ஐந்து விநாடி. எங்கே மூச்சு எடுக்கிறார் என்று இரண்டு முறை பார்த்தும் பிடிபடவில்லை. வயது 84, பிரஷர் கிடையாது.

செப்டம்பர் 7, இரவு 8.40 | நைட் டியூட்டி

அம்மச்சியை விட்டுவிடுங்கள்.